பாக்கெட் தயிரில் தண்ணி நின்றால் என்ன, மூடி உப்பினால் என்ன?

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், பால் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் பணிபுரிந்த உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேசக் கூப்பிட்டப்ப, "பெருசா எதுவும் வேண்டாங்க, அன்னைக்குக் கூட்டத்துல கேட்டோமே, அந்தத் தயிர் விசயத்தையே சொல்லுங்க, மலர்லயும் போட்டுரலாம்" என்றார்கள். அன்றைக்கு வந்த கேள்விகள் ரெண்டு. பெட்டிக்கடை வெச்சிருக்கிற அக்கா ஒருத்தர், "டப்பாத் தயிரைத் திறந்தா மேல மஞ்சளாத் தண்ணி நிக்குதுங்க, கெட்டுப்போச்சுன்னு திருப்பிக் கொண்டாந்து குடுத்துடறாங்க, எனக்குத்தான் நட்டம்" என்றார். தறிக்குடோனுக்குப் போகிற தங்கச்சி ஒருத்தி, "பாக்கெட்டு பலூனாட்டம் உப்பி இருந்துச்சு, தேதி இன்னும் முடியல, சோத்துல போட்டுப் பிசைஞ்சு தூக்குப்போசியில கொண்டுபோயிட்டேன், ஒண்ணும் ஆகுமாங்க?" என்று கேட்டாள்.

நம்ம ஊரில் நடப்பது பெரும்பாலும் இதுதான். தண்ணி நின்ற தயிரைக் கீழே கொட்டுகிறோம், உப்பினதைச் சாப்பிட்டு விடுகிறோம். நடக்க வேண்டியது தலைகீழ். ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பேச்சு.

முதலில் தண்ணியைப் பார்ப்போம். தயிர் எப்படிக் கெட்டியாகிறது? பாலில் கேசீன் என்று ஒரு புரதம் இருக்கிறது. உறை ஊற்றியதும் அதில் இருக்கும் நுண்ணுயிர்கள் பாலில் உள்ள சர்க்கரையைத் தின்று புளிப்பை உண்டாக்குகின்றன. புளிப்பு ஏற ஏறக் கேசீன் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வலை மாதிரி ஆகிவிடும். பாலில் இருந்த தண்ணி எங்கேயும் போவதில்லை, அந்த வலைக்கண்ணுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது. கெட்டித் தயிர் என்று நாம் கரண்டியில் அள்ளுவதில் பெரும் பங்கு தண்ணிதான்.

அந்த வலை கொஞ்சம் சுருங்கினாலோ, அறுந்தாலோ, உள்ளே இருந்த தண்ணி வெளியே வரும். வீட்டில் சட்டியில் உறைந்த தயிரை ஒரு ஓரமாகக் கரண்டி போட்டு எடுத்துவிட்டு, சாயங்காலம் பாருங்க, எடுத்த குழியில் தண்ணி நிற்கும். அதைப் பார்த்துத் தயிர் கெட்டுப்போச்சு என்று யாரும் சொல்வதில்லை. டப்பாவில் நின்றால் மட்டும் சந்தேகம் வந்துவிடுகிறது. ரெண்டும் ஒரே தண்ணிதாங்க.

அதன் நிறம் லேசான பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். அது சாயம் இல்லை. ரிபோஃப்ளேவின் என்கிற பி2 வைட்டமினின் நிறம் அது. கால்சியம், கொஞ்சம் சர்க்கரை, தண்ணியில் கரையும் புரதம் எல்லாம் அதிலேதான் இருக்கிறது. அதனால் கொட்ட வேண்டாம், கரண்டியால் கலக்கி விட்டுச் சாப்பிடுங்க. கலக்கப் பிடிக்கவில்லை என்றால் சப்பாத்தி மாவு பிசையுங்க, ரசத்தில் ஊற்றுங்க.

எவ்வளவு தண்ணி நின்றால் சரி என்று கேட்பீர்கள். நானூறு கிராம் டப்பாவில் ஒரு கரண்டி, ரெண்டு கரண்டி என்றால் நான் யோசிக்கவே மாட்டேன். டப்பாவைச் சாய்த்து வண்டியில் கொண்டுவந்தால், அல்லது குலுங்கினால் அவ்வளவு வரும். கால் டப்பாவுக்கு மேல் தண்ணியாக நின்றால் அந்தத் தயிர் ஏதோ சிரமப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஒன்று, குளிர்ச்சி இல்லாமல் வெளியே கிடந்து புளிப்பு ஏறியிருக்கும். புளிப்பு ஏறினால் வலை இன்னும் சுருங்கும். இன்னொன்று, பிரிட்ஜில் ஐஸ் பிடிக்கும் பக்கம் வைத்து உறைந்து, அப்புறம் இளகியிருக்கும். ஐஸ் கட்டி வலையை அறுத்துவிடும். அப்படி ஆன தயிர் மணல் மாதிரி திரித்திரியாகத் தண்ணி தனியாக நிற்கும். கடை வெச்சிருக்கும் அக்காமார் இதைக் கவனிக்கோணும். ஐஸ்கிரீம் பெட்டியில் இடம் இருக்கிறது என்று தயிரை அதில் போட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் போட்டால் தயிர் விசமாகாது, ஆனால் வாங்கியவர் திருப்பிக் கொண்டுவருவார், நட்டம் உங்களுக்கு.

பாலைச் சரியாகக் காய்ச்சாததாலும் தண்ணி விடும். நல்லாக் கொதிக்கக் காய்ச்சிய பாலில் தயிர் ஏன் கெட்டியாக வருகிறது தெரியுங்களா? அந்தச் சூட்டில் தண்ணியில் கரைந்திருக்கும் புரதமும் போய்க் கேசீனோடு ஒட்டிக்கொள்ளும், வலை வலுவாகிவிடும். அதனால்தான் ஆலையில் தயிருக்கு எடுக்கும் பாலைக் குடிக்கும் பாலை விட அதிகமாக, சுமார் 90 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். அம்மாமார் பாலைச் சுண்டக் காய்ச்சித்தான் உறை ஊற்றோணும் என்று சொன்னதும் இதே கணக்குத்தான்.

தண்ணி எப்போது வேண்டாம்? தெளிவாக இல்லாமல் கொழகொழ என்று நூல் மாதிரி இழுத்தால் வேண்டாம். சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, கறுப்பு என்று புள்ளி தெரிந்தால் வேண்டாம். புளிப்பு வாசனைக்குப் பதிலாக ஊறல் வாசனை, அதாவது புளித்த மாவும் கள்ளும் கலந்த மாதிரி வாசனை வந்தால் வேண்டாம். புள்ளியை மட்டும் எடுத்துப்போட்டுவிட்டு மீதியைச் சாப்பிடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. தயிர் மெத்தென்று இருக்கும் பொருள், மேலே தெரியும் பூஞ்சையின் வேர் உள்ளே இறங்கியிருக்கும். புள்ளி விழுந்தால் டப்பாவே போகட்டும்.

இனி உப்பல். இதுதான் முக்கியம்.

தயிர் ஆலையில் எப்படி டப்பாவுக்குள் போகிறது என்று தெரிந்தால் உப்பலைப் பிடிப்பது சுலபம். சூடாக்கிய பாலைச் சுமார் 42 டிகிரிக்கு, நம்ம உடம்புச் சூட்டை விடக் கொஞ்சம் கூடுதலுக்கு ஆற்றி, உறை கலந்து, பாலாக இருக்கும்போதே டப்பாவிலோ கவரிலோ ஊற்றி மூடிவிடுவார்கள். அப்புறம் வெதுவெதுப்பான அறையில் சில மணி நேரம் வைத்தால் டப்பாவுக்குள்ளேயே உறையும். உறைந்ததும் குளிர் அறைக்கு மாற்றி 5 டிகிரி பக்கம் கொண்டுவருவார்கள். ஆக மூடும்போது உள்ளே இருக்கும் காற்று வெதுவெதுப்பானது. குளிர்ந்ததும் அந்தக் காற்று சுருங்கும். அதனால் நல்ல டப்பாவின் மூடி தட்டையாக இருக்கும், இல்லை என்றால் லேசாக உள்ளே குழிந்திருக்கும். இதை நினைவில் வெச்சுக்குங்க.

இப்போது மூடி வெளியே உப்பி இருக்கிறது. உள்ளே யாரோ வாயு விட்டிருக்கிறார்கள். தயிர் உறைய வைக்கும் நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை புளிப்பை மட்டும்தான் விடும், வாயு விடாது. வாசனைக்காகச் சில உறையில் லேசாக வாயு விடும் வகையும் சேர்ப்பது உண்டு. அது தயிருக்குள் அங்கங்கே ஊசிக்கண் மாதிரி ஓட்டை தெரியும் அளவுதான், மூடியை மேளம் மாதிரி விறைக்க வைக்காது. மேளம் மாதிரி ஆக்குவது பெரும்பாலும் ஈஸ்ட். ஆப்ப மாவு பொங்குகிறதே, அதைப் பொங்க வைக்கிற இனம். ஈஸ்ட்டுக்குப் புளிப்பு பிடிக்கும், காற்று இல்லாமலும் வளரும், குளிரிலும் மெதுவாக வளரும். சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடும். ஈஸ்ட்டில் ஒரு வகை பாலின் சர்க்கரையையே தின்னும். பழம், சர்க்கரை போட்ட தயிர் என்றால் மற்ற வகைகளுக்கும் விருந்துதான். பழத் தயிர் டப்பா சாதாத் தயிரை விடச் சீக்கிரம் உப்புவது அதனால்.

பாலைக் காய்ச்சும்போதே ஈஸ்ட் செத்துவிடும். அப்புறம் எப்படி உள்ளே வந்தது? ஊற்றும் மிசினைச் சரியாகக் கழுவாமல் விட்டிருக்கலாம், அறைக்காற்றில் இருந்து விழுந்திருக்கலாம், மூடி ஒட்டிய இடத்தில் கசிவு இருந்திருக்கலாம். எப்படியானாலும் உள்ளே போனது முதலில் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் பெருகுவதற்கு எது இடம் கொடுக்கிறது என்பதுதான் நம்ம ஊர்க் கதை.

நம்ம பக்கம் மாதாமாதம் மின்வாரியத்தில் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். அன்றைக்குத் தறி ஓடாது, அது நமக்குத் தெரியும். கடைப் பிரிட்ஜும் ஓடாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், சும்மா உதாரணத்துக்குத்தான். ஒரு கிராம் தயிரில் பத்து ஈஸ்ட் இருக்கிறது என்று வெச்சுக்குங்க. மூடி உப்ப வேண்டும் என்றால் அது லட்சக்கணக்கில் ஆகோணும். பத்து இருபதாகி, இருபது நாற்பதாகி, இப்படிப் பதினேழு தடவை இரட்டித்தால் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். நல்ல குளிர்ச்சியில் ஒரு தடவை இரட்டிக்கப் பதினஞ்சு மணி நேரம் என்று வைத்தால், பதினேழு தடவைக்குப் பத்து நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் தயிர் வித்துவிடும், யாருக்கும் தெரியாது. சித்திரை வெயிலில், பிரிட்ஜ் நின்ற கடையில், இரட்டிக்க ரெண்டு மணி நேரம் போதும் என்று வையுங்க. கரண்டு இல்லாத ஒரு பகலில் நாலு தடவை இரட்டித்துவிடும். குளிர்ச்சியாக இருந்தால் ரெண்டரை நாள் ஆகியிருக்கும். சாயங்காலம் கரண்டு வந்து தயிர் மறுபடியும் சில்லென்று ஆனாலும், பெருகினது குறையாது.

இதில் ராத்திரி சேர்ந்தால் இன்னும் மோசம். கரண்டு பில் மிச்சம் என்று கடையைப் பூட்டும்போது பிரிட்ஜை அணைத்துவிட்டுக் காலையில் போடும் கடைகள் உண்டு. தினமும் பத்து மணி நேரம் அணைத்தால் மூணு, நாலு நாளில் கணக்கு முடிந்தது. பாக்கெட்டில் போட்டிருக்கும் தேதிக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. ஆலை சொன்ன குளிர்ச்சியில் வெச்சிருந்தால்தான் அந்தத் தேதி செல்லும். ஆகவே "தேதி இன்னும் இருக்குதே" என்பது உப்பின பாக்கெட்டுக்குச் சாட்சி ஆகாது.

"வெயில்ல காத்து விரிஞ்சு உப்பியிருக்குதுங்க, உள்ள வெச்சா எறங்கிரும்" என்று கடைக்காரர் சொல்வார். காற்று சூட்டில் விரியும் என்பது உண்மைதான். குளிரில் ஊற்றி மூடும் லஸ்ஸி, கலக்கிய பழத் தயிர் மாதிரிப் பொருட்களில் 5 டிகிரியில் இருந்து 40 டிகிரிக்குப் போனால் உள்ளே இருக்கும் காற்று எட்டில் ஒரு பங்கு விரியும், மூடி கொஞ்சம் எழும்பும். ஆனால் நான் முன்னே சொன்னேனே, டப்பாவிலேயே உறைந்த தயிரை மூடினதே 42 டிகிரியில். நம்ம ஊர் வெயிலிலும் அந்தக் காற்று பழைய அளவுக்குத்தான் திரும்பும், மூடி தட்டையாகும், உப்பாது. அந்த டப்பா விறைத்து நின்றால் வெயில் மேல் பழி போட முடியாதுங்க.

நியாயமான உப்பல் ஒன்று உண்டு. ஊட்டிக்கு டூர் போகும்போது சிப்ஸ் பாக்கெட் வண்டியிலேயே புடைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. இங்கே மூடிய பாக்கெட்டில் இருக்கும் காற்று அங்கே போனால் சுமார் கால் பங்கு விரிந்துவிடும். இங்கிருந்து கட்டிக்கொண்டுபோன தயிர் டப்பா அங்கே லேசாக எழும்பினால் பயப்பட வேண்டாம். மேட்டுப்பாளையம் இறங்கி வந்ததும் தானாகத் தட்டையாகும்.

சந்தேகம் என்றால் ஒரு சோதனை இருக்கிறது. திறக்காமல் பிரிட்ஜில் நிமிர்த்தி வைத்து, மூணு மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்க. வெறும் காற்று விரிந்ததாக இருந்தால் மூடி இறங்கிவிடும். ஈஸ்ட் விட்ட வாயுவாக இருந்தால் முழுசாக இறங்காது, விரலால் அமுக்கினால் திருப்பித் தள்ளும். கவர் தயிர் என்றால் பக்கத்தில் இருக்கும் அதே தயாரிப்பின் இன்னொரு கவரோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்க. எல்லாக் கவரிலும் சின்னதாக ஒரு காற்றுக்குமிழ் இருக்கும், அது ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும் தலையணை மாதிரி இருந்தால் அதுதான் ஆள். தெரியாமல் திறந்துவிட்டால் புஸ்ஸென்று சத்தம் வரும், தயிரில் குமிழ் குமிழாக எழும்பும். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். சோடா மாதிரி சுருக்கென்று இருக்கும் என்று நானே சொல்லிவிடுகிறேன்.

சரி, சாப்பிட்டால் என்ன ஆகும்? உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். ஈஸ்ட் மட்டும்தான் என்றால், ஆரோக்கியமான ஆளுக்குப் பெரிய கெடுதல் வருவது அரிது. வயிறு உப்பும், ஏப்பம் வரும், சிலருக்கு வயித்தால போகும். அந்தத் தங்கச்சி சாப்பிட்ட பிறகும் நல்லாத்தான் இருக்கிறாள், முன்னே உக்காந்து சிரிக்கிறாள் பாருங்க. ஆனால் வாயு விட்டது ஈஸ்ட்தான் என்று வெளியில் இருந்து யார் சொல்ல முடியும்? சுத்தக் குறைவால் வரும் குடல் பாக்டீரியாவும் வாயு விடும். பூஞ்சையும் விடும். மூணுக்கும் மூடி ஒரே மாதிரிதான் உப்பும்.

இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் நல்ல உதாரணம். 2013-ஆம் வருடம் அங்கே சோபானி என்கிற பெரிய தயிர் நிறுவனத்தின் டப்பாக்கள் உப்புகிறது, உள்ளே நுரைக்கிறது என்று வாங்கியவர்கள் புகார் சொன்னார்கள். ஐடஹோ மாநிலத்தில் ட்வின் ஃபால்ஸ் என்ற ஊரில் இருந்த ஆலையில் தயாரானவை அவை. செப்டம்பர் 5-ஆம் தேதி நிறுவனமே தயிரைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அந்த டப்பாக்களில் போட்டிருந்த கடைசித் தேதி என்ன தெரியுங்களா? செப்டம்பர் 11 முதல் அக்டோபர் 7 வரை. அதாவது ஒன்று கூடத் தேதி முடிந்ததில்லை. ஆலையைக் காட்டும் 16-012 என்ற குறியீடு டப்பாவில் அச்சாகி இருந்தது. அதைப் பார்த்துத்தான் வீட்டில் இருந்தவர்கள் தங்கள் டப்பா அந்தக் கூட்டத்தில் சேர்ந்ததா என்று கண்டுபிடித்தார்கள்.

உள்ளே இருந்தது மியூக்கர் சிர்சினெல்லாய்டிஸ் என்கிற பூஞ்சை. பூஞ்சை என்றால் பஞ்சு மாதிரி வளரும் என்றுதானே நினைக்கிறோம். இந்தப் பூஞ்சை காற்றில் அப்படித்தான் வளரும். காற்று இல்லாத மூடிய இடத்தில் ஈஸ்ட் மாதிரி மொட்டு விட்டு வளர்ந்து வாயு விடும். அதனால் திறந்து பார்த்தாலும் பஞ்சு தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. சாப்பிட்டு உடம்பு சரியில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்திடம் புகார் சொன்னவர்கள் இருநூறுக்கும் மேல். ஆரோக்கியமானவர்களுக்கு இது நோய் உண்டாக்கும் பூஞ்சை இல்லை என்று அப்போது உணவு விஞ்ஞானிகள் சிலர் சொன்னார்கள். அடுத்த வருடம், 2014-இல், டியூக் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அப்படி ஒரு டப்பாவில் இருந்தே பூஞ்சையைப் பிரித்தெடுத்துச் சோதித்தார்கள். அந்த இனத்திலேயே கொஞ்சம் வீரியமான வகை அது என்று தெரிந்தது. எலியின் இரத்தத்தில் செலுத்தியபோது எலிக்கு நோய் வந்தது. வாய்வழியாகக் கொடுத்தபோது குடலைக் கடந்து உயிரோடு வெளியே வந்தது. அவ்வளவு பேருக்கு உடம்பு சரியில்லாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று முடிவாக நிரூபணம் ஆகவில்லை. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். விஞ்ஞானிகளே ஒரு முடிவுக்கு வரச் சிரமப்பட்ட டப்பாவை, நாம் அடுப்படியில் நின்று மோந்து பார்த்து முடிவு செய்ய முடியாது. சர்க்கரை நோயை ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வயதானவர்கள் நம்ம ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருத்தர் இருக்கிறார்கள். ஒரே தயிரைத்தான் எல்லாருக்கும் ஊற்றுகிறோம். அதனால் என் பதில் ஒன்றுதான். தண்ணி நின்றால் கலக்கிச் சாப்பிடுங்க. உப்பினால் தொடாதீங்க.

இனிக் கடைக்கு வருவோம். கடை வெச்சிருக்கும் அக்காமார் சரக்கு இறக்கும்போதே ஒவ்வொரு கவரையும் ஒரு தடவை அமுக்கிப் பார்த்து வாங்குங்க. உப்பினதை அப்போதே திருப்பிக் கொடுத்தால் வண்டிக்காரர் எடுத்துக்கொள்வார், நாலு நாள் கழித்துக் கேட்டால் சண்டைதான் வரும். பழையது முன்னால், புதுசு பின்னால் என்று அடுக்குங்க. ராத்திரி பிரிட்ஜை அணைக்காதீங்க. பராமரிப்பு நிறுத்தம் எந்தத் தேதி என்று முன்னாடியே பேப்பரில் போட்டு விடுகிறார்கள், அதற்கு முந்தின நாள் தயிரைக் குறைவாக இறக்குங்க. அன்றைக்குக் கதவை அடிக்கடி திறக்காமல், தண்ணி பாட்டிலை உறைய வைத்து உள்ளே வெச்சால் பாதிப் பகலாவது தாங்கும். வாங்குகிற நாம் என்றால், நிறுத்தத்துக்கு மறுநாள் தயிர் வாங்காமல் வீட்டுத் தயிரோடு சமாளிப்பது உத்தமம்.

உப்பின பாக்கெட் ஒன்று மட்டும் என்றால் அந்தக் கடையின் குளிர்ச்சியைச் சந்தேகப்படுங்க. ஒரே தொகுதி எண் போட்ட பாக்கெட்டுகள் சோமனூரிலும் உப்பியிருக்கிறது, கருமத்தம்பட்டியிலும் உப்பியிருக்கிறது, சாமளாபுரத்திலும் உப்பியிருக்கிறது என்றால் கோளாறு ஆலையில். நம்ம கூட்டமைப்பில் இத்தனை ஊர் ஆட்கள் இருப்பது இதற்கு உதவும். ஒருத்தர் வாட்ஸ்அப்பில் போட்டோ போட்டால் மற்ற ஊரில் இருப்பவர்கள் அதே எண்ணைத் தேடிப் பார்த்துவிடலாம்.

புகார் செய்வதென்றால் பாக்கெட்டைத் திறக்காதீங்க. தொகுதி எண், தயாரிப்புத் தேதி, பதினாலு இலக்க உரிம எண் எல்லாம் தெரியும்படி போட்டோ எடுத்துக்கொண்டு, இன்னொரு கவரில் போட்டுக் கட்டிப் பிரிட்ஜில் தனியாக வையுங்க. கடை பில் இருந்தால் பத்திரம். முதலில் பாக்கெட்டில் இருக்கும் நுகர்வோர் எண்ணுக்குப் பேசுங்க. பதில் இல்லை என்றால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்கு அனுப்பலாம். நுகர்வோர் உதவிக்கு 1915 இருக்கிறது. இன்னொரு விசயம் நிறையப் பேருக்குத் தெரியாது. 2006-ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் கட்டி உணவைப் பரிசோதிக்கக் கேட்கலாம். குறை இருப்பது அறிக்கையில் தெரிந்தால் கட்டின பணம் திரும்ப வரும். கோயம்புத்தூரிலேயே அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது.

பேச்சு முடிந்ததும் உறுப்பினர்கள் சிலர் கேட்டவற்றையும் சேர்த்து எழுதச் சொன்னார்கள்.

"உப்புன தயிரை மோர்க்குழம்பு வெச்சுக் கொதிக்க விட்டா சரியாயிராதுங்களா?" ஈஸ்ட் சாகும். ஆனால் சில பாக்டீரியாவும் பூஞ்சையும் விட்டுப்போகும் விசம் கொதியில் போகாது. உள்ளே எது இருந்தது என்று தெரியாதபோது கொதிக்க வைத்தும் பயனில்லை.

"அதுல ஒரு கரண்டி எடுத்து வீட்டுப் பாலுக்கு உறை ஊத்துனா?" அது இன்னும் மோசமுங்க. அந்த ஈஸ்ட்டை உங்கள் சட்டிக்கே குடி வைத்த மாதிரி. நாளைக்கு அந்தத் தயிரில் இருந்து மறுநாள் உறைக்கு எடுப்பீர்கள், அது அப்படியே ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டுத் தயிர் திடீரென்று நுரைத்துக்கொண்டு பொங்கினால், உறையை மாற்றுங்க. சட்டியையும் கரண்டியையும் கொதிதண்ணியில் கழுவி வெயிலில் காய வைத்துவிட்டு, வேற வீட்டில் இருந்து நல்ல உறை வாங்கி ஊற்றுங்க.

"அப்புறம் அதைய என்னதான் பண்றதுங்க, கொட்ட மனசு வரலையே?" புகார் செய்யப் போவதில்லை என்றால், வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், முகத்துக்கு நேராகப் பிடிக்காமல் மெதுவாகத் திறந்து, நாலு பங்கு தண்ணி கலந்து கறிவேப்பிலைச் செடி மூட்டில் ஊற்றுங்க. புளித்த மோர் ஊற்றுகிற செடிதானே அது. கவரைத் தனியாகக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்குங்க.